சென்சாரா, சோக்கா?

தெருமுனை விளக்கு அந்திநேரத்தில் எரிவதும் அணைவதுமாக இருந்தால் அதன் கீழே இரண்டு கட்சி உருவாகிவிடும். "சென்சார் போச்சு" என்பது ஒரு கட்சி. "சோக் போச்சு" என்பது இன்னொரு கட்சி. ஏணியோடு வருகிற எலக்ட்ரீஷியன் பையில் எது இருக்கிறதோ அதை மாற்றிவிட்டுப் போவார். மறுநாள் விளக்கு ஒழுங்காக எரிந்தால் ஒரு கட்சி ஜெயித்ததாக அர்த்தம். நாலாம் நாள் திரும்பவும் அணைந்தால் வாக்குவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

ஏணி இல்லாமல், கையில் ஒரு கடிகாரத்தோடு அரை மணி நேரம் கீழே நின்று பார்த்தாலே இந்த வழக்கில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சென்சார் செய்கிற தப்பும் சோக் பக்கத்தில் வருகிற கோளாறும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிந்தாலும், நேரக் கணக்கில் வேறுபடுகின்றன. இரண்டு கட்சிக்கும் பிடிக்காத ஒரு தகவலும் உண்டு. இப்படி அணைந்து அணைந்து எரியும் விளக்குகளில் பலவற்றில் சென்சாரும் நன்றாக இருக்கும், சோக்கும் நன்றாக இருக்கும். வயதாகிப்போன பல்பின் வேலை அது.

இங்கே சொல்லப்படுவது ஆரஞ்சு வெளிச்சம் தரும் சோடியம் விளக்கைப் பற்றி. மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியபின் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் அதிகமான தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. இருந்தாலும் பழைய ஆலை வளாகங்கள், கல்லூரிகள், கிடங்குகள், இருபது வருடத்துக்கு முன்னால் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றில் சோடியம் விளக்கு இன்னும் எரிகிறது. அங்கெல்லாம் அது அணைந்தும் எரிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு விளக்கு மட்டும் அணைகிறதா, வரிசை முழுவதுமா என்பதை. நம் ஊர்த் தெருக்களில் பெரும்பாலும் ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி சென்சார் கிடையாது. தெருவோரத்தில் ஒரு பேனல் பாக்ஸ் இருக்கும். அதற்குள் இருக்கும் டைமரோ சென்சாரோ ஒரு கான்டாக்டரை இழுக்க, இருபது முப்பது விளக்குகள் ஒன்றாக எரியும். அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு போட்டோசெல்லைத் திருகி வைத்திருப்பார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சென்சார் இருப்பது குடியிருப்பு வளாகங்களிலும் கம்பெனிகளிலும்தான். ஆகவே பேனல் வழியாக எரியும் தெருவில் ஒரே ஒரு விளக்கு மட்டும் அணைந்து எரிந்தால் சென்சார் கட்சி அப்போதே தோற்றுவிட்டது. பக்கத்துக் கம்பங்கள் ஒழுங்காக எரிகின்றன என்றால் பேனல் சரியாக இருக்கிறது. கோளாறு அந்தக் கம்பத்தின் மேல்தான். மாறாக வரிசை மொத்தமும் ஒரே நொடியில் அணைந்து ஒரே நொடியில் உயிர்பெற்றால், மேலே எந்த விளக்கையும் தொட வேண்டாம், பேனலைத் திறந்தால் போதும்.

தனிச் சென்சார் உள்ள விளக்கில்தான் விசாரணை சுவாரசியமாகிறது.

போட்டோசெல் என்கிற அந்தச் சிறு டப்பாவுக்குள், பழைய வகையில், காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒரு வில்லை இருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், இருட்டில் பலமடங்கு கூடும். பகலில் மின்தடை குறைந்திருக்கும்போது அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடி ஒரு சிறு ஹீட்டரைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும். இருட்டினால் ஹீட்டர் ஆறும், தகடு நிமிரும், தொடர்பு சேரும், விளக்கு எரியும். புதிய வகைகளில் ஹீட்டருக்குப் பதிலாக ஒரு சிறு சர்க்யூட்டும் ரிலேயும் இருக்கும். வேலை ஒன்றுதான்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, தாமதம். மின்னல் வெட்டினாலோ கார் ஹெட்லைட் பட்டாலோ உடனே அணைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சென்சார் சில நொடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடம்வரை யோசித்துத்தான் முடிவெடுக்கும். இரண்டாவது, எரிவதற்கான அளவும் அணைவதற்கான அளவும் ஒன்றாக இருக்காது. வானத்தின் வெளிச்சம் பத்திருபது லக்ஸ் அளவுக்கு இறங்கும்போது விளக்கை எரியவிடும் சென்சார், அதைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ வெளிச்சம் வந்தால்தான் அணைக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒரு மேகம் நகர்ந்தாலே விளக்கு தடுமாறும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த சென்சாரில் இந்த இடைவெளி கெட்டுப்போகலாம். அப்போதுதான் அந்தியில் எரியலாமா வேண்டாமா என்று அது தத்தளிக்கும்.

ஆனால் எவ்வளவு நேரம் தத்தளிக்கும்? இங்கே நம் ஊர் வானம் ஒரு நல்ல சாட்சி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது, அந்தி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மேகமில்லாத நாளில் சூரியன் மறையும் வேளையில் தரையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். இருபத்திரண்டு இருபத்துமூன்று நிமிடத்துக்குள் அது மூன்று நான்கு லக்ஸாகச் சுருங்கிவிடும். சென்சார் குழம்பக்கூடிய இருபதிலிருந்து பத்து லக்ஸ் வரையிலான பகுதியை வானம் மூன்று நான்கு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. ஸ்காட்லாந்திலோ ஸ்வீடனிலோ கோடைகாலத்தில் அந்தி வெகுநேரம் இழுக்கும். அங்கே தளர்ந்துபோன சென்சாருக்குத் தடுமாற நிறைய நேரம் உண்டு. கோயம்புத்தூரில் கிடையாது. அங்கே மே மாதத்தில் சூரியன் 6.40-ஐ ஒட்டி மறையும். 6.55-லிருந்து 7 மணிவரை ஒரு விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்து அப்புறம் நிலைத்துவிட்டால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் அதே ஆட்டம் நடந்தால் வானத்தின் வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சென்சார் தன் சொந்த விளக்கையே பார்த்துவிடுவது. விளக்குக்குக் கீழே சென்சாரை மாட்டியிருப்பார்கள். அல்லது எதிரே புதிதாக வெள்ளையடித்த சுவரோ, பளபளப்பான விளம்பரப் பலகையோ, வளர்ந்து வந்த வேப்பங்கிளையோ வெளிச்சத்தைத் திருப்பிச் சென்சாரின் கண்ணுக்கே அனுப்பும். இருட்டியதும் விளக்கு எரியும். வெளிச்சத்தைப் பார்த்த சென்சார் விடிந்துவிட்டதாக எண்ணி அணைத்துவிடும். அணைந்ததும் மறுபடி இரவு. இந்த வகை, வானம் கறுத்தபிறகும் ராத்திரி முழுக்க ஓடும். ஆனால் இதில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஒவ்வொரு சுற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுக்கும், ஏனென்றால் சென்சாரின் தாமதமும் பல்பு சூடாகும் நேரமும் மாறுவதில்லை. கிளை காரணமாக இருந்தால் மட்டும் காற்றுக்கு ஏற்றபடி ஒழுங்கு குலையும். சென்சாரில் கோளாறே இருக்காது. மாட்டிய இடம்தான் கோளாறு.

சென்சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது முற்றாகச் செத்துப்போனால் பெரும்பாலும் விளக்கு அணையாது. ஹீட்டர் அறுந்துவிட்டால் தகடு வளையாது, தொடர்பு துண்டிக்கப்படாது. பகலிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தெரு இருண்டு கிடப்பதைவிட மின்சாரம் வீணாவது மேல் என்று நினைத்துத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேலே மூடியில் தூசியும் பறவை எச்சமும் படிந்தாலும் இதே திசைதான்: சென்சார் சீக்கிரம் இருட்டியதாக நினைக்கும், தாமதமாக விடிந்ததாக நினைக்கும். 150 வாட் சோடியம் விளக்கு, சோக்கில் வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 170 வாட் இழுக்கும். பகல் பன்னிரண்டு மணிநேரம் அது சும்மா எரிந்தால் நாளுக்கு இரண்டு யூனிட்.

இனி சோக் கட்சியின் வாதம்.

சோடியம் பல்பின் வெளிக்கூட்டுக்குள், பென்சில் தடிமனில் பால்நிறக் குழாய் ஒன்று இருக்கிறது. கண்ணாடியைச் சூடான சோடியம் அரித்துவிடும் என்பதால் அந்தக் குழாயை அலுமினா என்கிற பீங்கான் வகையில் செய்கிறார்கள். உள்ளே கொஞ்சம் சோடியம், கொஞ்சம் பாதரசம், தொடக்கி வைக்க செனான் வாயு. குளிர்ந்திருக்கும்போது 230 வோல்ட் கொடுத்தால் இது எரியாது. இக்னைட்டர் என்கிற சிறு பெட்டி இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வோல்ட் வரையிலான துடிப்புகளை அனுப்பி வாயுவைப் பிளந்து வழி உண்டாக்கும். வழி கிடைத்ததும் மின்சாரம் கட்டில்லாமல் பாயப் பார்க்கும், அப்படி விட்டால் பல்பு சில நொடிகளில் வெடித்துவிடும். வாய்க்காலில் மடைப்பலகை தண்ணீரை அளந்து விடுகிற மாதிரி மின்னோட்டத்தை அளந்து விடுவது சோக். செம்புக் கம்பியை இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய கனமான கட்டி அது. 150 வாட் பல்புக்கு ஏறத்தாழ 1.8 ஆம்பியருக்கு மேல் போகாதபடி பிடித்துவைக்கும்.

புதுப் பல்பு நன்கு சூடானபின் அதன் இரு முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ 100 வோல்ட் இருக்கும். மீதியைச் சோக் தாங்கிக்கொள்ளும். கோளாறு எல்லாம் இந்த 100 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. பல்பு எரிய எரிய முனைகளிலிருந்து பொருள் தெறித்துக் குழாயின் ஓரங்கள் கறுக்கும். கறுத்த இடம் சூட்டைப் பிடித்துவைக்கும். சூடு கூடினால் உள்ளே கிடக்கும் சோடியமும் பாதரசமும் அதிகம் ஆவியாகும், அழுத்தம் ஏறும், வோல்டேஜும் ஏறும். சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்ச் சுவருக்குள் இழக்கப்படுவதும் இதே பக்கம்தான் தள்ளும். வருடங்கள் போகப்போக 100 என்பது 110, 120 என்று நகர்ந்து, 140, 150-ஐத் தொடும்போது சோக்கால் அந்தச் சுடரைத் தாங்கிப் பிடிக்க முடியாது. சுடர் அறுந்து பல்பு அணைந்துவிடும்.

அணைந்தாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. இக்னைட்டர் தன் துடிப்புகளை விடாமல் அனுப்பும். ஆனால் சூடான பல்பில் அழுத்தம் அதிகம், துடிப்பு அதைப் பிளக்காது. ஓரிரு நிமிடம் ஆறியபின்தான் பல்பு பிடிக்கும். பிடித்தபின் நாலைந்து நிமிடத்தில் முழு வெளிச்சம். சூடு ஏற ஏற வோல்டேஜும் ஏறி, எல்லையைத் தொட்டதும் மறுபடி அணைவு. இதுதான் கிழட்டு சோடியம் பல்பின் சுற்று. தொடக்கத்தில் அரை மணிக்கு ஒரு தடவை நடப்பது, மாதங்கள் போகப்போகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாகும். அப்புறம் முழு ஆரஞ்சு வருவதற்கு முன்பே அணையும்.

வெளிநாட்டில் இந்தச் சுற்றுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. தாங்கள் நடந்து போகும்போது தெருவிளக்குகள் அணைவதாக நம்பியவர்களின் அனுபவங்களை இங்கிலாந்தின் ஹிலரி எவன்ஸ் என்ற எழுத்தாளர் திரட்டினார். உடம்பிலிருந்து ஏதோ சக்தி கிளம்பி விளக்கை அணைக்கிறதா என்பது கேள்வி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே அணைகிற விளக்குகள் ஊரெங்கும் இருந்தால், யாராவது ஒருவர் சரியாக அந்த நேரத்தில் கீழே நடந்துகொண்டுதான் இருப்பார். அணைந்த விளக்கு நினைவில் நிற்கும், அணையாமல் விட்ட நூறு விளக்குகள் நிற்காது. நம் ஊரில் இதற்கு முனீஸ்வரனும் புளியமரமும் ஏற்கெனவே இருப்பதால் புதிய பெயர் தேவைப்படவில்லை.

அந்தியில் இந்தக் கோளாறு கண்ணில் படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை வீடுகளில் லோடு கூடும், லைனில் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 205, 210 வந்தால் சோக்கால் தாங்கிப்பிடிக்க முடிகிற எல்லையும் கூடவே இறங்கிவிடும். நல்ல பல்புக்கு அது பொருட்டில்லை. எல்லையில் நிற்கும் பல்பு அப்போதுதான் விழும். பக்கத்தில் ஒரு போர்வெல் மோட்டார் போட்டதும் தெருவிளக்கு அணைகிறது என்றால் மோட்டாரை ஏசிப் பயனில்லை, பல்பின் வயதைப் பார்க்க வேண்டும். நள்ளிரவுக்குமேல் வோல்டேஜ் ஏறியதும் அதே பல்பு விடியும்வரை சாதுவாக எரிவதும் உண்டு. "சாயங்காலம் மட்டும்தான் அணையுது, அதனால சென்சார்தான்" என்று சொல்ல வைக்கும் பொறி இது.

எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு குடியிருப்பின் வாசல் விளக்கு, 150 வாட் சோடியம், தலையில் தனிச் சென்சார் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் அணைந்து அணைந்து எரிகிறது. முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள், பலனில்லை. அடுத்து சோக்கை மாற்றுகிறார்கள். அன்றிலிருந்து நாலு நாள் விளக்கு அசையாமல் எரிகிறது. சோக் கட்சிக்குக் கொண்டாட்டம். ஐந்தாம் நாள் பழைய கதை. நடுவில் நடந்தது மழை. நாலு நாளும் யாரும் ஏ.சி. போடவில்லை, லைனில் வோல்டேஜ் 235-ஐத் தொட்டு நின்றது, தள்ளாடிக்கொண்டிருந்த பல்பு தாக்குப்பிடித்தது. தப்பான ரிப்பேர் பலித்த மாதிரித் தெரிவதற்கு இப்படி ஒரு வானிலை போதும்.

அதே இடத்தில் வாட்ச்மேன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? 6.57-க்கு எரிந்தது. 7.11-க்கு முழு ஆரஞ்சில் இருக்கும்போதே சட்டென்று அணைந்தது. 7.13-க்கு வெளிறிய ஒளி, பிறகு மெல்ல மெல்ல ஆரஞ்சு. 7.24-க்கு அணைவு. 9.40-க்கும் அப்படியே. 12 மணிக்குமேல் அணையவில்லை. இந்த ஐந்தாறு வரியே பல்பைக் காட்டிக்கொடுக்கிறது. இருட்டிய பிறகும் தொடர்கிறது, ஆகவே வானத்தைப் பார்த்துக் குழம்பும் சென்சார் இல்லை. எரியும் நேரம் ஒருமுறை பதினாலு நிமிடம், மறுமுறை பதினொன்று, ஆகவே தன் நிழலோடு விளையாடும் சென்சாரும் இல்லை. லோடு குறைந்ததும் நின்றுவிட்டது, ஆகவே வோல்டேஜ் எல்லையில் நிற்கும் பல்பு.

சந்தேகம் மிச்சமிருந்தால், அணைந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கம்பத்தடியில் நின்று காது கொடுக்க வேண்டும். தெரு அமைதியாக இருந்தால் கேட்கும். சென்சார் துண்டித்த விளக்கில் மேலே மின்சாரமே இல்லை, முற்றான மௌனம். பல்பு தானாக அணைந்திருந்தால் இக்னைட்டர் விடாமல் 'டிர்ர்' என்று இரைந்துகொண்டிருக்கும், சில சமயம் பல்புக்குள் மங்கலான ஒளித் துடிப்பும் தெரியும். மேலே மின்சாரம் இருக்கிறது, பல்புதான் பிடிக்க மறுக்கிறது என்று அந்தச் சத்தம் சொல்கிறது.

எலக்ட்ரீஷியன் ஏறியபிறகு செய்ய வேண்டிய முதல் வேலை எதையும் கழற்றுவதில்லை. சென்சாரின் கண்ணைக் கறுப்பு டேப்பால் முழுக்க மூடிவிட்டு இறங்கி வந்து ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான். மூடிய சென்சாருக்கு எப்போதும் இரவு. விளக்கு அசையாமல் எரிந்தால் சென்சாரோ அதை மாட்டிய இடமோ குற்றவாளி. மூடிய பிறகும் அணைந்தால் சென்சாருக்கு விடுதலை. அடுத்தபடி, பக்கத்துக் கம்பத்தில் ஒழுங்காக எரியும் அதே வாட் பல்பை இதில் போட்டு, இதன் பல்பை அங்கே போட வேண்டும். கோளாறு பல்போடு சேர்ந்து அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டால் பல்பு. இங்கேயே நின்றுவிட்டால் சோக். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அளந்துகொண்டிருக்கும்போது பல்பு அணைந்தால் இக்னைட்டரின் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு நேராக மீட்டருக்குள் போகும். அனுபவமுள்ளவர்கள் பல்பை இடம் மாற்றிப் பார்ப்பதையே விரும்புவது அதனால்தான். கழற்றிய பல்பை வெளிச்சத்தில் பிடித்தால் உள்குழாயின் இரு ஓரமும் புகைபிடித்த மாதிரிக் கறுத்திருக்கும்.

சோக் உண்மையிலேயே கெட்டுப்போவது எப்போது, எப்படித் தெரியும்? அதன் சுற்றுகளுக்கு நடுவே உள்ள வார்னிஷ் காப்பு சூட்டில் கருகி, சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது சோக்கின் பிடி தளர்ந்து பல்புக்கு அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் போகும். விளக்கு பக்கத்துக் கம்பத்தைவிடக் கூடுதல் பிரகாசமாக எரியும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிகச் சூட்டில் பல்பின் வோல்டேஜ் வேகமாக ஏறி, புதுப் பல்பே சில மாதங்களில் கிழடாகி, அதே அணைந்து எரியும் சுற்றுக்குள் விழும். ஒரே கம்பத்தில் அடிக்கடி பல்பு போகிறது என்றால் அங்கே சோக்கைத்தான் பிடிக்க வேண்டும். கருகிய வாடை, கசிந்து உறைந்த தார் போன்ற பூச்சு, தூரத்திலேயே கேட்கும் உறுமல் இவையெல்லாம் கூடவே வரும். சுற்று அறுந்துபோனால் கதை இன்னும் எளிது: விளக்கு எரியவே எரியாது, அணைந்து எரியும் பேச்சுக்கே இடமில்லை. சில சோக்குகளில் சூடு மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பும் உண்டு. அந்த வகை அணைந்தால் ஓரிரு நிமிடத்தில் திரும்பாது. அந்த இரும்புக் கட்டி ஆறுகிறவரை, கால் மணியோ அதற்கு மேலோ, இருட்டுதான். அணைந்திருக்கும் நேரத்தின் நீளம் இங்கே துப்பு.

பல்புதான் காரணம் என்று தெரிந்தபின்னும் "எரிகிறவரை எரியட்டும்" என்று விட்டுவைப்பது சிக்கனம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இக்னைட்டர் நிமிடக்கணக்கில் உயர்வோல்ட் துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல பல்புக்கு ஒரு ராத்திரியில் ஒரு தடவை மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. அந்தத் துடிப்புகள் சோக்கின் காப்பையும் ஹோல்டரையும் வயரையும் தின்னும். பல்பு விலையை மிச்சம் பிடிக்கப் போய் கடைசியில் இக்னைட்டரும் சோக்கும் சேர்ந்து போகும், அப்போது சோக் கட்சி சொன்னது பலித்த மாதிரியும் ஆகிவிடும். சோடியம் பல்பின் ஆயுள் 24,000 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் அது ஐந்தரை வருடம். பல்பைப் போட்ட தேதியை ஃபிட்டிங்கின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவைக்கும் வழக்கமுள்ள இடங்களில் பாதி விசாரணை மிச்சமாகிறது.

எல்.இ.டி. விளக்கில் சோக்கும் இல்லை, இக்னைட்டரும் இல்லை. அவற்றின் இடத்தில் டிரைவர் என்கிற மின்னணுப் பெட்டி. சூடாகிற நேரமும் ஆறுகிற நேரமும் இல்லாததால் கோளாறின் தாளமும் மாறிவிடுகிறது. டிரைவர் கெட்டால் நொடிக்கு ஒரு தடவை, இரண்டு நொடிக்கு ஒரு தடவை என்று விளக்கு சிமிட்டும். உள்ளே ஏதோ தவறு என்று கண்டு தன்னை நிறுத்திக்கொண்டு உடனே திரும்ப முயல்வதால் வரும் சிமிட்டல் அது. சூட்டினால் துண்டிக்கிறது என்றால் நிமிடக்கணக்கில் இடைவெளி இருக்கும், வெயில் காலத்தில் முன்னிரவில் அதிகமாகவும் பின்னிரவில் குறைவாகவும் நடக்கும். சென்சார் தன் விளக்கையே பார்ப்பது எல்.இ.டி.யில் இன்னும் பளிச்சென்று தெரியும். எரிந்த கணமே முழு வெளிச்சம் என்பதால் சென்சாரின் தாமதம் மட்டுமே சுற்றின் நீளம். முப்பது நொடி எரிவு, முப்பது நொடி அணைவு என்று கடிகாரம் பிடித்த மாதிரி ஓடும்.

பழைய சோடியம் ஃபிட்டிங்குக்கு வாங்கிய சென்சாரை அப்படியே எல்.இ.டி.க்குப் பொருத்துகிறவர்கள் இன்னொரு சிக்கலில் மாட்டுவார்கள். டிரைவர் உயிர்பெறும் முதல் கணத்தில், அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புவதற்காக, வழக்கமானதைப்போலப் பலமடங்கு மின்சாரத்தை ஓர் இமைப்பொழுது இழுக்கும். தினமும் அந்த அடி வாங்கும் ரிலேயின் முனைகள் ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விளக்கு பகலிலும் அணையாது. எல்.இ.டி. லோடுக்கு என்று குறிப்பிட்ட சென்சாரைக் கேட்டு வாங்கினால் இது வராது.

வளாகத்துக்குள் இருக்கும் கம்பம் என்றால் சங்கத்தின் எலக்ட்ரீஷியன். பொதுத்தெரு என்றால் ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ பொறுப்பு. எந்தப் பக்கமானாலும் கம்பத்தில் யாரும் தானாக ஏறக்கூடாது, அணைந்திருக்கும் சோடியம் விளக்கில்தான் பலஆயிரம் வோல்ட் துடிப்பு உலவுகிறது. புகார் சொல்லும்போது "லைட் சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல், கம்ப எண், பக்கத்து விளக்குகள் எரிகின்றனவா, முதலில் எரிந்த நேரம், எத்தனை நிமிடம் எரிந்து எத்தனை நிமிடம் அணைகிறது, ஒன்பது மணிக்கும் அப்படியா என்று ஐந்து விவரம் சேர்த்துச் சொன்னால், வண்டியில் சென்சாரை எடுத்துப் போடுவதா பல்பை எடுத்துப் போடுவதா என்பது அலுவலகத்திலேயே முடிவாகிவிடும்.